பிஎச் மீட்டர் கையேட்டின் கோளாறு அத்தியாயத்தை ஒரே தாளில் அடக்குவது எப்படி?

கேள்வி: "எங்கள் பிஎச் மீட்டர் கையேட்டில் கோளாறு பற்றிய அத்தியாயம் மட்டும் பன்னிரண்டு பக்கம். டெக்னீஷியன் பார்த்தவுடன் வேலையைத் தொடங்கும்படி அறிகுறி, காரணம், தீர்வு என்று ஒரே தாளில் சுருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது?"

மூன்று பத்திகளோடு நிறுத்தினால் அந்தத் தாள் கையேட்டின் சின்ன நகலாகத்தான் இருக்கும். காரணத்துக்கும் தீர்வுக்கும் நடுவில் இன்னொரு பத்தி வேண்டும்: இந்தக் காரணம்தானா என்று எப்படி உறுதி செய்வது. பெரும்பாலான கையேடுகளில் இல்லாதது இதுதான். "அளவு நிலைக்கவில்லை" என்று ஒரு அறிகுறி இருக்கும். அதற்கு எதிரே எலெக்ட்ரோடு அழுக்கு, ஜங்ஷன் அடைப்பு, பழைய பஃபர், கேபிள் தளர்வு, எலெக்ட்ரோடு ஆயுள் முடிந்தது என்று ஐந்து காரணங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வும் இருக்கும். ஐந்தில் எது என்று கண்டுபிடிக்க ஒரு வரிகூட இருக்காது. அதை வைத்துக்கொண்டு டெக்னீஷியன் என்ன செய்வார்? ஐந்தையும் வரிசையாகச் செய்து அரை நாளைக் கழிப்பார், இல்லையென்றால் நேராகக் கடைசி வரிக்குப் போய்ப் புது எலெக்ட்ரோடு கேட்பார். இரண்டுமே நீங்கள் தயாரிக்கும் தாளின் குறைதான், அவருடைய குறை இல்லை.

முதலில் அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதுங்கள். பக்கத்திலேயே கையேட்டின் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சரிபார்க்க அது வேண்டும். அடுத்து ஒவ்வொரு காரணமும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். பிஎச் அளவீட்டில் கோளாறு வரக்கூடிய இடங்கள் ஐந்துதான்: பஃபர், எலெக்ட்ரோடு, கேபிளும் இணைப்பும், மீட்டர், அளக்கப்படும் கரைசல். இப்படிப் பிரித்த உடனேயே அத்தியாயம் பாதியாகச் சுருங்கிவிடும். "எலெக்ட்ரோடு அழுக்கு" என்ற ஒரே காரணம் நான்கு அறிகுறிகளுக்குக் கீழே நான்கு விதமான வார்த்தைகளில் எழுதப்பட்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். மீட்டர் என்ற தலைப்பில் சேரும் வரிகள் மிகக் குறைவாக இருப்பதும் தெரியும். நடைமுறையிலும் அப்படித்தான், முதலில் கெடுவது பஃபரும் எலெக்ட்ரோடும்தான், கருவி கடைசியில்தான்.

அறிகுறிகளைக் கையேட்டின் சொற்களில் எழுத வேண்டாம், திரையில் தெரிவதை எழுதுங்கள். கையேட்டில் "நிலையற்ற அளவு", "விலகும் அளவு", "இரைச்சலான அளவு" என்று மூன்று தனித்தனி உள்தலைப்புகள் இருக்கலாம். மீட்டர் முன்னால் நிற்பவருக்கு அந்த வேறுபாடு புரியாது. அவர் பார்ப்பது இவைதான்: கேலிபிரேஷனை மீட்டர் ஏற்கவில்லை; ஏற்கிறது, ஆனால் எண் நிற்க நேரமாகிறது அல்லது ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது; எந்தக் கரைசலில் வைத்தாலும் ஒரே எண் காட்டுகிறது; எண் முன்னும் பின்னும் குதிக்கிறது; பஃபரில் சரியாக இருக்கிறது, சாம்பிளில் மட்டும் சரியில்லை. இந்த ஐந்து போதும். மீட்டர் ஏதாவது பிழைச் செய்தி காட்டினால், அதை மொழிபெயர்க்காமல் திரையில் உள்ள எழுத்துகளிலேயே அறிகுறிக்குப் பக்கத்தில் போடுங்கள். தாளில் தேடும்போது கண் அந்த எழுத்துகளைத்தான் தேடும்.

தாளின் முதல் வரி அறிகுறியாக இருக்கக் கூடாது, ஒரு கட்டளையாக இருக்க வேண்டும்: "எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் மீட்டரை mV நிலைக்கு மாற்று." பிஎச் எண் என்பது மீட்டர் கணக்குப் போட்டுக் காட்டும் எண். பழைய கேலிபிரேஷனில் தவறு இருந்தால் அந்தத் தவறும் அதில் கலந்தே வரும். மில்லிவோல்ட் என்பது எலெக்ட்ரோடு உண்மையில் தரும் மின்னழுத்தம், அதில் கேலிபிரேஷனின் கலப்பு இல்லை. 25 டிகிரி செல்சியஸில் குறையில்லாத எலெக்ட்ரோடு பிஎச் 7.00 பஃபரில் சுமார் 0, 4.01 பஃபரில் சுமார் +177, 10.01 பஃபரில் சுமார் −178 மில்லிவோல்ட் தர வேண்டும். ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்ற கணக்கிலிருந்து வருபவை இவை. இந்த மூன்று எண்களையும் தாளின் மேற்பகுதியில் பெரிதாகப் போடுங்கள். கீழே வரும் எல்லா வரிகளும் இவற்றோடு ஒப்பிடுவதாகத்தான் அமையும்.

இரண்டாவது வரி, கோளாறு மீட்டரிலா வெளியிலா என்று பிரிப்பது. எலெக்ட்ரோடைக் கழற்றிவிட்டு, மீட்டரின் பிஎன்சி இணைப்பில் ஷார்ட்டிங் பிளக்கைப் பொருத்த வேண்டும். நடு ஊசித்துளையையும் வெளி வளையத்தையும் ஒன்றாக இணைக்கும் சின்ன மூடி அது. பல மீட்டர்களோடு சேர்ந்தே வரும், பெட்டியிலிருந்து எடுக்காமலே கிடக்கும். அதைப் பொருத்தியதும் திரை 0 மில்லிவோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு விலகல் சரி என்பதைக் கையேட்டின் எண்ணிலிருந்தே எடுங்கள். சில கையேடுகள் இங்கே "பிஎச் 7.00 காட்டும்" என்று எழுதியிருக்கும். மீட்டரில் முந்தைய கேலிபிரேஷனின் ஆஃப்செட், அதாவது 7.00 பஃபரில் எலெக்ட்ரோடு 0-விலிருந்து விலகிய அளவு, சேமிக்கப்பட்டிருந்தால் 7.00 வராது, 7.08 என்றோ 6.93 என்றோ வரும். அதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்று டெக்னீஷியன் முடிவுசெய்துவிடக் கூடாது. அதனால் தாளில் மில்லிவோல்ட் எண்ணை மட்டும் வைத்து, 7.00 என்ற வரியை விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் தாளில் ஒரே வரியில் சொல்ல வேண்டும். 0 வரவில்லை என்றாலோ எண் அலைந்தாலோ கோளாறு மீட்டரில் என்பது உறுதி. 0 வந்தால் மீட்டர் முழுக்கச் சரி என்று ஆகாது. பிஎச் கண்ணாடியின் மின்தடை பொதுவாக நூறு மெகா ஓம் அளவில் இருக்கும். இணைப்பில் ஈரமோ உப்புப் படிவோ இருந்தால் அதன் வழியாக மின்னழுத்தம் கசிந்து, எலெக்ட்ரோடு தருவதில் ஒரு பகுதி காணாமல் போகும். ஷார்ட்டிங் பிளக் இதைக் காட்டாது, ஏனென்றால் அங்கே கசிய எதுவுமே இல்லை. அதனால் "0 வந்தால்: இணைப்பைத் துடைத்து உலர்த்து, நன்றாக வேலை செய்யும் வேறொரு எலெக்ட்ரோடு இருந்தால் மாற்றிப் பார்" என்று தொடருங்கள். மாற்றிய எலெக்ட்ரோடும் அதே தவறைக் காட்டினால்தான் மீண்டும் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி கேலிபிரேஷனை மீட்டர் ஏற்கவில்லை என்ற அறிகுறியை எடுத்து, அதன் வரிகளை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். கையேட்டில் பெரும்பாலும் இதுதான் மிக நீளமான பகுதி. ஒரு மீட்டர் ஸ்லோப் பிழை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிஎச் அலகுக்கு எலெக்ட்ரோடு தரும் மில்லிவோல்ட்தான் ஸ்லோப், அதை 59.16-இன் சதவீதமாகச் சொல்வார்கள். 25 டிகிரியில் mV நிலையில் பார்த்தால் 7.00 பஃபரில் +6, 4.01 பஃபரில் +160. வித்தியாசம் 154. இதை 2.99 பிஎச் அலகால் வகுத்தால் 51.5. அதை 59.16-ஆல் வகுத்தால் 87 சதவீதம். பல கையேடுகள் 95 முதல் 105 சதவீதம் வரை நல்லது என்கின்றன. கீழ் எல்லை மாடலுக்கு மாடல் மாறும். 87 என்பது குறைவுதான், ஆனால் இந்த ஒரு எண் எலெக்ட்ரோடு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ஊற்றிவைத்த 4.01 பஃபரில் முந்தைய பஃபர் கணிசமாகக் கலந்திருந்தாலும் இதே எண் வரும். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து இரண்டு பஃபரையும் சுத்தமான குடுவையில் ஊற்றி மறுபடி பார், அப்போதும் குறைவென்றால் எலெக்ட்ரோடைச் சுத்தம் செய்து மறுபடி பார், அப்போதும் குறைவென்றால் எலெக்ட்ரோடை மாற்று. நம் உதாரணத்தில் சுத்தம் செய்த பிறகு 7.00-இல் +4, 4.01-இல் +177 வந்தால் வித்தியாசம் 173, ஸ்லோப் 57.9, அதாவது 98 சதவீதம். அந்த எலெக்ட்ரோடு இன்னும் உழைக்கும்.

இதே இடத்தில் எந்தக் கையேட்டுப் பட்டியலும் எளிதில் சொல்லாத ஒரு பிரிப்பு இருக்கிறது. மூன்று பஃபரில் கேலிபிரேஷன் செய்தால் ஸ்லோப்பை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும்: 4-லிருந்து 7 வரை ஒன்று, 7-லிருந்து 10 வரை ஒன்று. மேலே சொன்ன அதே நல்ல எலெக்ட்ரோடு 10.01 பஃபரில் −156 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். +4-லிருந்து −156 வரை 160, அதை 3.01-ஆல் வகுத்தால் 53.2, அதாவது 90 சதவீதம். கீழ்த் துண்டு 98, மேல் துண்டு 90. எலெக்ட்ரோடு கெட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு துண்டுமே குறையும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்துப் பஃபரை முதலில் சந்தேகிக்க வேண்டும். 10.01 பஃபர் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடை உறிஞ்சிப் பிஎச் குறையும் தன்மை கொண்டது. குடுவையில் திறந்து வைத்தால் கெடும், பாதி காலியான பாட்டிலிலும் மெல்லக் கெடும். இந்த உதாரணத்தில் அந்தப் பஃபரின் உண்மையான பிஎச் ஏறத்தாழ 9.76-க்கு இறங்கியிருக்கிறது. புதிய பாட்டில் ஒன்றைத் திறந்தால் சிக்கல் தீர்ந்தது. பழைய எலெக்ட்ரோடுகள் காரப் பக்கத்தில் முதலில் தளர்வதும் உண்டு, அதனால் புதுப் பஃபரிலும் மேல் துண்டு குறைவாகவே இருந்தால் எலெக்ட்ரோடு பக்கம் திரும்புங்கள். தாளில் இதற்கு இரண்டு வரி போதும், ஆனால் அந்த இரண்டு வரி மிச்சப்படுத்தும் எலெக்ட்ரோடுகள் நிறைய.

பஃபர் சரி, எலெக்ட்ரோடும் சரி, ஆனாலும் மீட்டர் ஏற்கவில்லை என்றால், கையேட்டில் இந்தப் பகுதியிலேயே இல்லாமல் அமைப்புகள் பற்றிய அத்தியாயத்தில் ஒளிந்திருக்கும் ஒரு காரணத்தைக் கொண்டுவந்து இங்கே சேர்க்க வேண்டும்: பஃபர் தொகுதி. தானாகப் பஃபரை அடையாளம் காணும் மீட்டர்களில் 4.01, 7.00, 10.01 ஒரு தொகுதி, 4.01, 6.86, 9.18 இன்னொரு தொகுதி. மீட்டர் ஒன்றை எதிர்பார்க்கும்போது கையில் மற்றது இருந்தால், மில்லிவோல்ட் எல்லாம் சரியாக வந்தும் கேலிபிரேஷன் நிராகரிக்கப்படும், அல்லது சில மீட்டர்களில் தவறான எண்ணோடு ஏற்கப்பட்டுவிடும். பஃபரின் லேபிளைப் படித்து மெனுவில் ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை. கையேட்டின் வரிசையில் இது எங்கே இருந்தாலும், தாளில் சுத்தம் செய்வதற்கு முன்னால் வரட்டும். வெப்பநிலையையும் இங்கேயே தொட்டுவிடலாம். வெப்ப உணரி கழன்றிருந்தால் மீட்டர் கையால் பதிந்த ஏதோ ஒரு வெப்பநிலையில் கணக்குப் போடும். பத்து டிகிரி தவறினால் பிஎச் 7-க்கு அருகில் எதுவுமே தெரியாது, பிஎச் 4-க்கு அருகில் சுமார் 0.1 பிழை வரும். திரையில் உள்ள வெப்பநிலையைச் சாதாரண வெப்பமானியோடு ஒப்பிடு என்ற ஒரே வரி இதற்குப் போதும்.

எல்லாக் கரைசலிலும் ஒரே எண் என்ற அறிகுறி சுருக்கமானது, தாளிலும் சுருக்கமாகவே இருக்கட்டும். மூன்று பஃபரிலும் 0 மில்லிவோல்ட்டை ஒட்டியே காட்டினால், எங்கோ குறுக்கிணைப்பு ஆகிவிட்டது: கண்ணாடி விரிசல், கேபிளுக்குள் சேதம், அல்லது இணைப்புக்குள் ஈரம். குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில விரிசல்கள் தெரியும், உள்குழாயில் உள்ள விரிசல் பெரும்பாலும் தெரியாது. ஷார்ட்டிங் பிளக்கில் மீட்டர் சரியாக இருந்து, இணைப்பை உலர்த்தியும் மாறவில்லை என்றால் அந்த எலெக்ட்ரோடைக் காப்பாற்ற வழியில்லை. சுத்தம் செய்து பார்ப்பதில் நேரத்தை வீணாக்காதே என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், ஏனென்றால் கையேடு எல்லா அறிகுறிக்கும் சுத்தம் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கும். எண் குதிப்பதற்கும் அவ்வளவு இடம் தேவையில்லை. குமிழுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் பழைய பாதரசக் காய்ச்சல்மானியை உதறுவதுபோல் கீழ்நோக்கி உதறினால் போய்விடும். கேபிளை அசைக்கும்போது மட்டும் குதித்தால் இணைப்பைப் பாருங்கள். குமிழைத் தாளால் தேய்த்துத் துடைத்தால் நிலைமின்னேற்றம் சேர்ந்து சிறிது நேரம் எண் அலையும், அதனால் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

எண் நிற்க நேரமாகிறது அல்லது நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் கடினமான அறிகுறி, ஏனென்றால் இங்கே காரணங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். முதல் பிரிப்பு: எலெக்ட்ரோடைப் புதிய 7.00 பஃபரில் வை. பஃபரில் ஒரு நிமிடத்துக்குள் நின்று, சாம்பிளில் மட்டும் நகர்ந்தால் கோளாறு கருவியில் இல்லை. உப்பு மிகக் குறைவான தூய நீர் போன்ற சாம்பிளில் நல்ல எலெக்ட்ரோடும் மெதுவாகத்தான் நிற்கும், அதோடு அந்த நீர் காற்றிலிருந்து கார்பன் டையாக்சைடை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் பிஎச்சும் உண்மையாகவே இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கான தீர்வு சாம்பிளை அளக்கும் முறையில் இருக்கிறது, எலெக்ட்ரோடில் இல்லை. பஃபரிலும் நிற்கவில்லை என்றால் இரண்டாவது பிரிப்பு: கலக்கும்போது வரும் எண்ணும் கலக்காமல் விட்டால் வரும் எண்ணும் தெளிவாக வேறுபடுகின்றனவா? வேறுபட்டால் ஜங்ஷன் அடைப்பின் மீது சந்தேகம் வலுக்கும். உள்ளிருக்கும் கரைசல் மெல்லக் கசிந்து வெளியே தொடர்பு கொள்ளும் நுண்துளைப் பகுதிதான் ஜங்ஷன். அது அடைத்தால் ரெஃபரன்ஸ் பக்கம் உறுதியாக நிற்காது. சுத்தம் செய்யும் முன் இரண்டு எளிய விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நிரப்பும் துளையின் மூடி திறந்திருக்கிறதா? உள்ளே உள்ள கரைசலின் மட்டம் வெளியே உள்ள சாம்பிளின் மட்டத்தைவிடக் குறைந்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கிறதா? மட்டம் தாழ்ந்தால் ஓட்டம் திரும்பி, சாம்பிள் உள்ளே ஏறும். ஆஃப்செட், அதாவது 7.00 பஃபரில் வரும் மில்லிவோல்ட், 30-ஐத் தாண்டிப் போயிருந்தால் உள்ளே ஏற்கெனவே கலப்படம் ஆகியிருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் தாளிலும் எழுத வேண்டும், அடைத்த ஜங்ஷனும் ஆஃப்செட்டை நகர்த்தும். உள்கரைசலை வடித்து, கழுவி, புதிதாக நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

தீர்வுப் பத்தியில் நடக்கும் பெரிய தவறு "எலெக்ட்ரோடைச் சுத்தம் செய்" என்று மூன்றே சொல்லில் முடிப்பது. எந்த அழுக்குக்கு எது என்பதுதான் அங்கே தகவல். பொதுவான படிவுக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 முதல் 30 நிமிடம். எண்ணெய், கொழுப்புக்கு மிதமான சோப்புக் கரைசல். புரதத்துக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சின். ஜங்ஷன் கறுத்திருந்தால் அது வெள்ளி சல்பைடாக இருக்கும், அதற்குத் தயோயூரியா கரைசல். எதில் ஊறவைத்தாலும் பிறகு நீரில் அலசி, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்த பிறகே மறுபடி கேலிபிரேஷன். அந்தக் கடைசிப் படியைத் தாளில் விட்டுவிட்டால், அமிலத்திலிருந்து நேராக எடுத்து அளந்து, "சுத்தம் செய்தும் சரியாகவில்லை" என்ற பொய்யான முடிவு வரும். உலர்ந்துபோன குமிழுக்கு இரவு முழுக்க அதே பொட்டாசியம் குளோரைடில் ஊறல். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்காதே என்ற எச்சரிக்கையை அதே கட்டத்தில் சேர்த்துவிடுங்கள், தனியாகக் கீழே போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோளாறு அத்தியாயம் மீட்டரின் கையேட்டில் இருக்கிறது, ஆனால் தீர்வுகளில் பாதி எலெக்ட்ரோடைப் பற்றியது. மீட்டர் கையேடு எந்த எலெக்ட்ரோடுக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதப்பட்டது. உங்களிடம் இருப்பது ஜெல் நிரப்பிய, துளையே இல்லாத எலெக்ட்ரோடாக இருந்தால் "உள்கரைசலை மாற்று" என்ற வரிக்கு அர்த்தமே இல்லை. நிரப்பும் கரைசலிலும் வேறுபாடு உண்டு: சிலவற்றுக்கு வெள்ளி குளோரைடு சேர்த்த பொட்டாசியம் குளோரைடு, இரட்டை ஜங்ஷன் உள்ளவற்றின் வெளி அறைக்குப் பெரும்பாலும் வெள்ளி இல்லாதது. வெள்ளி கூடாத இடத்தில் வெள்ளி போனால் ஜங்ஷன் அடைப்பை நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஆகவே எலெக்ட்ரோடோடு வந்த துண்டுச்சீட்டைத் தேடி எடுத்து, அதன்படி உங்கள் ஆய்வகத்தில் உள்ள மாடலுக்கு மட்டும் தீர்வுகளை எழுதுங்கள். இரண்டு வகை எலெக்ட்ரோடு புழக்கத்தில் இருந்தால் இரண்டு தாள் போடுவது நல்லது. ஒரே தாளில் "உங்களுடையது இந்த வகை என்றால்" என்று கிளை பிரித்தால் அவசரத்தில் தவறான கிளையைப் படிப்பார்கள்.

எதை விடுவது என்ற கேள்விக்கு என் கருத்து இது. முறையான பயிற்சி இல்லாமல் செய்யக் கூடாததை விடுங்கள், ஆனால் விட்டதைச் சொல்லுங்கள். சில கையேடுகள் முதுமையடைந்த கண்ணாடியை மீட்க அம்மோனியம் பைஃபுளூரைடு பரிந்துரைக்கும். கண்ணாடியின் மேற்படலத்தை அரித்து எடுக்கும் வேலை அது, அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் ஆபத்து வரும். ஒட்டப்பட்ட தாளைப் பார்த்துச் செய்யும் காரியம் இல்லை. அந்த இடத்தில் "இதற்கு மேல் பொறுப்பாளரிடம் கொடு, கையேடு பக்கம் இத்தனை" என்று நிறுத்தக்கோடு போடுங்கள். மீட்டரைத் திறக்கும் வேலைக்கும் அதே கோடுதான். மற்ற எச்சரிக்கைகளைச் சுருக்கக் கூடாது. அமிலத்துக்குக் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி என்பவை அமிலம் வரும் அதே வரியில் இருக்க வேண்டும். எண்களையும் உருட்டக் கூடாது. கையேடு ±30 என்றால் ±30 என்றே போடுங்கள், "சுமார் 30" என்று மாற்றினால் 33 வந்த அன்று வாக்குவாதம்தான். கையேட்டில் இல்லாமல் நீங்களாகச் சேர்த்த சோதனைகளுக்கு, உதாரணமாக ஸ்லோப்பை இரண்டு துண்டாகப் பார்ப்பதற்கு, ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். தணிக்கை வரும்போது எது உற்பத்தியாளர் சொன்னது, எது ஆய்வகத்தின் நடைமுறை என்று பிரித்துக் காட்ட அது தேவைப்படும். தாளின் மூலையில் மீட்டரின் மாடல், எலெக்ட்ரோடின் மாடல், கையேட்டின் பதிப்பு எண், தாள் தயாரித்த தேதி நான்கும் இருக்கட்டும்.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, மேல் துண்டு ஸ்லோப்பை எடுத்துக்கொள்கிறேன். "அறிகுறி: கேலிபிரேஷன் 10.01-இல் நிற்கவில்லை அல்லது ஸ்லோப் குறைவு. காரணம்: 10.01 பஃபர் கெட்டது. உறுதி: mV நிலையில் 4–7 துண்டு 95 சதவீதத்துக்கு மேல், 7–10 துண்டு அதைவிடக் குறைவு. தீர்வு: புதிய பாட்டில் திற, ஊற்றிய உடன் அள, மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதே. சரியானது என்பதற்கு அடையாளம்: 10.01-இல் −169-க்கும் −178-க்கும் இடையில். வரவில்லை என்றால் எலெக்ட்ரோடு சுத்தம் வரிக்குப் போ." அந்த அடையாள எண்கள் 25 டிகிரிக்கும் ஆஃப்செட் பூஜ்யத்துக்கும் உரியவை; உங்கள் எலெக்ட்ரோடின் ஆஃப்செட்டை அதில் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பைத் தாளின் மேலே மில்லிவோல்ட் எண்களுக்குப் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு வரியும் "சரியானது என்பதற்கு அடையாளம்", "வரவில்லை என்றால் எங்கே" என்ற இரண்டோடு முடியட்டும். அவை இல்லாத வரியில் டெக்னீஷியன் நடுவழியில் நின்றுவிடுவார்.

ஒட்டுவதற்கு முன் தாளைச் சோதித்துவிடுங்கள். எழுதும்போது கூட இருக்காத ஒருவரை அழைத்து, கெடுதல் ஏற்படுத்தாத கோளாறுகளை நீங்களே உண்டாக்கிக் கொடுங்கள்: மெனுவில் பஃபர் தொகுதியை மாற்றிவையுங்கள், வெப்ப உணரியைக் கழற்றி வெப்பநிலையைத் தவறாகப் பதியுங்கள், 4.01 குடுவையில் 7.00 பஃபரைத் தாராளமாகக் கலந்துவிடுங்கள். 4.01 பஃபர் பிஎச் மாற்றத்தைத் தாங்கும் திறன் உள்ளது என்பதால் நாலைந்து துளி போதாது, கால்பங்காவது கலக்க வேண்டும். அவர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தேடட்டும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். எந்த வரியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத்தான் திருத்த வேண்டும். பஃபர் தொகுதிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முன்பே அவர் எலெக்ட்ரோடை அமிலத்தில் போட்டுவிட்டால், உங்கள் வரிசை இன்னும் கையேட்டின் வரிசையாகவே இருக்கிறது என்று அர்த்தம்.